சண்முகராசா மாஸ்டர் தாய்மாரைக் கஞ்சியாக்கிய கதை

லண்டன் சவுத்தாலில் கார் ஓட்டப் பழகிய பஞ்சாபிப் பெண்களில் கணிசமானவர்களுக்கு உயிர்ப்பயம் காட்டியவர் சண்முகராசா. டிரைவிங் பழக்குவதுதான் அவருடைய தொழில். பழகுபவர்களைவிட அவர்தான் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பார் என்பது வேறு விசயம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒல்லாந்துக்குப் போனவர் அங்கே நகரசபையோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு டச்சு பழகினார். அது போதுமென்று தோன்றியதும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்தார். தமிழர்களுக்குக் கார் பழக்கலாம் என்று முதலில் மோர்டன் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே வீதிக்கு ஒரு தமிழ் மாஸ்டர் ஏற்கெனவே இருந்தார். ஆகவே சவுத்தாலுக்கு வந்து, இங்கிலீஷ்காரனை நம்பாத மாமியார்களின் மருமகள்மாரைப் பிடித்தார். 'கப்பே' என்றால் இடது, 'சஜ்ஜே' என்றால் வலது, 'ஹௌலி ஹௌலி' என்றால் மெதுவாக. இந்த மூன்றோடு தொடங்கிய பஞ்சாபி, சில வருடங்களில் மாமியார்களோடு வம்பளக்கும் அளவுக்கு வளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஜலந்தர்க்காரர் என்றே நினைப்பார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்.

மகள் தாரகா படித்த ஆரம்பப் பள்ளியில் அவர் பெற்றோர் சங்கத் தலைவரானார். தேர்தல் மிகவும் நேர்மையாக நடந்தது. கூட்டத்துக்கு வேறு யாரும் வரவில்லை.

பள்ளி வாசலில் ஒரு பிரச்சினை இருந்தது. கார் நிறுத்தக் கூடாது என்று வளைந்து வளைந்து கோடு போட்ட இடத்தில்தான் எல்லோரும் நிறுத்தினார்கள். இங்கிலீஷில் எத்தனையோ அறிவித்தல்கள் போயின. யாரும் வாசிக்கவில்லை. பள்ளிச் சஞ்சிகையில் பஞ்சாபியில் ஒரு கட்டுரை வந்தால் நன்றாயிருக்கும் என்று தலைமை ஆசிரியை மிஸஸ் பெண்டில்டன் சொன்னார். பஞ்சாபி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை தேவிந்தர் கௌரைப் பார்த்துத்தான் அவர் சொன்னார். "நான் எழுதுறன்" என்று சண்முகராசா முந்திக்கொண்டார்.

எழுத அவருக்குத் தகுதி இல்லாமல் இல்லை. தேவிந்தர் சமூக நிலையத்தில் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்க் குர்முகி எழுத்துகள் எல்லாவற்றையும் படித்திருந்தார். எழுத்துகளுக்கு மேலே போடும் சின்ன அடையாளங்கள் தொடங்கிய வாரம் நின்றுவிட்டார். தமிழில் பிறந்த மனிதனுக்குப் புள்ளியைப் பற்றி இன்னொருவர் சொல்லித்தர என்ன இருக்கிறது?

இருக்கத்தான் செய்தது. தமிழில் புள்ளி மெய்யெழுத்தின் வாயை அடைக்கிறது. குர்முகியில் தலைக்கு மேல் வைக்கும் புள்ளி, பிந்தி, ஒலியை மூக்குக்கு அனுப்புகிறது. அதே மூக்கு வேலைக்குக் கவிழ்த்து வைத்த பிறை போல இன்னொன்று உண்டு. அது திப்பி. நிமிர்த்தி வைத்த பிறை அத்தக். அதற்கும் மூக்குக்கும் சம்பந்தமில்லை. அடுத்து வரும் எழுத்தை இரட்டித்து அழுத்தச் சொல்வது அதன் வேலை. தமிழன் 'ச்ச' என்று இரண்டு எழுத்து எழுதுகிற இடத்தில் பஞ்சாபி ஒரு பிறையோடு முடித்துவிடும். சண்முகராசாவுக்கு மூன்றுமே சமையல் முடிந்தபின் மேலே தூவும் கொத்தமல்லி இலையாகத் தெரிந்தன. கட்டுரையைப் போனில் தட்டிவிட்டு, அழகான இடங்களில் தூவினார்.

மனைவி மாலினி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த ரீச்சரிட்டை ஒருக்காக் காட்டிப்போட்டுக் குடுங்கோவன்."

"என்னத்துக்கு? எத்தினை வருசமாப் பஞ்சாபி கதைக்கிறன். என்னை ஆர் திருத்திறது?"

"கதைக்கிறது வேறை, எழுதுறது வேறை. தமிழிலையே உங்களுக்கு எந்த ர, எந்த ற எண்டு தெரியாது."

இந்தக் கருத்து கட்டுரைக்குச் சம்பந்தமில்லாதது என்று அவர் முடிவு செய்து, நேரே பள்ளி அலுவலகத்துக்கு அனுப்பினார். "பார்த்தாச்சா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். "ஓம், பாத்தாச்சு" என்றார். பார்த்தவர் அவரே என்பதை அவர்கள் கேட்கவில்லை. அலுவலகத்தில் பஞ்சாபி வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. எழுத்து அழகாக இருக்கிறது என்று ஒருமனதாகப் பாராட்டி அச்சுக்கு அனுப்பினார்கள்.

சஞ்சிகை வெளிவந்த பிற்பகல், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார் வாசலில் குழுக் குழுவாக நின்று சிரித்தார்கள். பஞ்சாபியில் 'மாவாங்' என்றால் தாய்மார். கடைசியில் இருக்க வேண்டிய பிந்தியை அவர் விட்டுவிட்டார். மூக்கு போனதும் அது 'மாவா' ஆகிவிட்டது. மாவா என்றால் தலைப்பாகைத் துணிக்குப் போடும் கஞ்சி. "எங்கள் கஞ்சி வீதியைக் கடக்குமுன் கவனிக்க வேண்டும்" என்று கட்டுரை கேட்டுக்கொண்டது. ஒருத்தி மற்றவளைப் பார்த்து, "என்ன கஞ்சி, இன்றைக்குச் சுகமா?" என்றாள். சண்முகராசாவும் அருகில் நின்றார். கட்டுரை இவ்வளவு மகிழ்ச்சி தருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. அடக்கத்தோடு தலையசைத்தார்.

மறுநாள் மிஸஸ் பெண்டில்டன் அவரை அலுவலகத்துக்கு அழைத்தார். தேவிந்தரும் இருந்தார். பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவரும் முகத்தைத் தேவைக்கு மேல் கவலையாக வைத்துக்கொண்டு இருந்தார். மேசையில் ஒரு தாள் கிடந்தது. வாசலில் தாய்மார் சிரித்ததற்குக் காரணம் அறிய விரும்பிய தலைமை ஆசிரியை, கட்டுரையைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்திருந்தார்.

"மிஸ்டர் ராஜா," என்று அவர் வாசித்தார். "'இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் நானூறு பேர் உயிர் தப்பினர்.' இதை நீங்கள் எழுதினீர்களா?"

"நானூறு பிள்ளைகள் எண்டுதான் எழுதினனான்."

"மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு தாத்தா போன் பண்ணிக் கேட்கிறார்," என்றார் பாதுகாப்புப் பொறுப்பாளர்.

மிஸஸ் பெண்டில்டன் தொடர்ந்தார். "'பெற்றோர் இப்பள்ளியின் முக்கியமான நெருப்பு.' 'கடக்குமுன் அலங்கரிக்கப்பட்டவர்களைப் பாருங்கள்.' இது என்ன, மிரட்டலா, அழைப்பிதழா?"

சண்முகராசா தாளை இழுத்துப் பார்த்தார். போன் செய்த சதி என்றார். மெசின் பிழை என்றார். அச்சுப் பிழை என்றார். தேவிந்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சஞ்சிகையை அவர் பக்கம் தள்ளினார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பஞ்சாபியில் சொன்னார்:

"மாஸ்டர் ஜி, நீங்களே சத்தமாக வாசியுங்கள்."

அவர் வாசித்தார். தாளில் என்ன இருந்தது என்பது அவர் வாய்க்குத் தெரியவில்லை. அது காரில் பழகிய வாய். 'பச்சே' என்று அழுத்தமாகச் சொன்னது, 'அங்க்' என்று மூக்கால் சொன்னது, 'சஜ்ஜே' என்று, ரவுண்டபவுட்டில் கத்துவது போலவே, இரட்டித்துச் சொன்னது. ஒரு சொல்லும் பிசகவில்லை. வாசித்து முடித்துவிட்டு, வழக்கில் வென்றவர் போல நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் சொல்வது முழுக்கச் சரி," என்று தேவிந்தர் தலைமை ஆசிரியைக்கு இங்கிலீஷில் விளக்கினார். "எழுதியதுதான் பிழை."

பிறகு வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார். ਬੱਚੇ, அதாவது 'பச்சே', என்றால் பிள்ளைகள். பிறையை எடுத்தால் ਬਚੇ, தப்பினார்கள். ਅੰਗ, அதாவது 'அங்க்', என்றால் அங்கம். திப்பியைக் கவிழ்ந்தபடி விடாமல் அத்தக்காக நிமிர்த்தினால் ਅੱਗ, நெருப்பு. 'சஜ்ஜே' வலப்பக்கம், அத்தக் இல்லாத 'சஜே' அலங்கரிக்கப்பட்டவர்கள்.

"இவ்வளவு சின்ன அடையாளமா?" என்றார் மிஸஸ் பெண்டில்டன்.

"அதைத்தான் நானும் சொல்லுறன்," என்று சண்முகராசா பாய்ந்து பிடித்துக்கொண்டார். "ஒரு பிறைதானே. வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கும்தானே."

தேவிந்தர் பேனாவை மூடினார். பல வருடங்களுக்கு முன் அவரும் சண்முகராசாவிடம்தான் கார் பழகினார், பல தடவை பெயிலாகிய பிறகு பாஸானார்.

"மாஸ்டர் ஜி, அன்றைக்கு நான் பிரேக்குக்குப் பதிலாக அக்சிலேட்டரை மிதித்தேன். பக்கத்துப் பெடல்தானே என்று விட்டீர்களா?"

சண்முகராசா அன்றைக்கு என்ன சொன்னார் என்பது அவருக்கே நினைவிருந்தது. அதை ஒரு பள்ளி அலுவலகத்தில் திருப்பிச் சொல்ல முடியாது.  அவருக்கு வலித்தது பிழை விட்டது அல்ல. வாசலில் தாய்மார் சிரித்தபோது தான் தலையசைத்து ஏற்றுக்கொண்டதுதான். அதை நினைக்க நினைக்கக் காது சூடேறியது.

பள்ளி நிர்வாகம் தனக்கேயுரிய வேகத்தில் செயற்பட்டது. "எங்கள் பிள்ளைகள் எவருக்கும் எந்த ஆபத்தும் ஏற்படவில்லை, பெற்றோரால் தீ அபாயம் எதுவும் இல்லை" என்று எல்லா வீடுகளுக்கும் இங்கிலீஷில் ஈமெயில் அனுப்பியது. அதுவரை ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருந்த பெற்றோரும் இதனால் பயந்தார்கள்.

திருத்திய கட்டுரையை அடுத்த வாரமே தனித் தாளில் அச்சிடுவது என்று முடிவானது. வகுப்பு முடிந்த பிறகு சண்முகராசாவும் தேவிந்தரும் சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, உட்கார்ந்தார்கள்.

"வேலைக்கு 'கம்ம்'. இரட்டிக்கிறது. அப்ப அத்தக் போட்டது சரிதானே," என்றார் அவர்.

"இல்லை. ம, ந இரட்டித்தால் அத்தக் வராது. திப்பிதான் போடுவோம்."

"நெடில் ஆவுக்குப் பிந்தி எண்டு சொன்னீங்கள். அப்ப 'நூங்' நெடில்தானே. ஏன் அதுக்குத் திப்பி?"

"மெய்யெழுத்துக்குக் கீழே தொங்குகிற உ, ஊ இரண்டுக்கும் திப்பிதான்."

"ஏன்?"

"நீங்கள் ஏன் இடப்பக்கமாகக் கார் ஓட்டுகிறீர்கள்?"

அவர் ஒல்லாந்தில் வலப்பக்கமாக ஓட்டியவர். மேற்கொண்டு கேட்கவில்லை. தேவிந்தரின் சிவப்புப் பென்சில் நகர நகர, தன் கட்டுரைக்கு அம்மை போட்டது போல அவருக்குத் தெரிந்தது. இடையில் ஒரு சொல்லில் அவரே கையை நீட்டி மறித்தார். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மூக்கைத் தொட்டுப் பார்த்தார். நெடில் ஆ என்று முணுமுணுத்துக்கொண்டு பிந்தியை வைத்தார். தேவிந்தர் ஒன்றும் திருத்தாமல் அடுத்த வரிக்குப் போனார். அதை அவர் கவனித்தார். வீட்டுக்கு வந்து மாலினிக்குச் சொன்னார்.

"ஒண்டு சரி வந்ததுக்கே இவ்வளவு புளுகமோ?" என்று அவருடைய பூரிப்பைப் பார்த்துக் கேட்டாள் அவள்.

திருத்திய தாள் வந்த நாள் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பள்ளி அனுப்பும் எதையும் பிரித்துப் பாராதவர்கள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக, பிழை பிடிக்க வாசித்தார்கள். மாமியார்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். வாசிக்கும்போது, வளைந்த கோட்டில் கார் நிறுத்தக் கூடாது என்ற விசயமும் எப்படியோ கண்ணில் பட்டுவிட்டது. திங்கட்கிழமை கோடு வெறுமையாகக் கிடந்தது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை ஒரேயொரு கார் நின்றது. ஒரு கிழவி போய்க் கண்ணாடியில் தட்டி, "கஞ்சி, காரை எடு" என்றாள். கார் போய்விட்டது.

இந்த வெற்றிக்குப் பள்ளி புதிதாக வைத்த அறிவிப்புப் பலகையே காரணம் என்று மிஸஸ் பெண்டில்டன் கவுன்சிலுக்கு எழுதினார்.

சண்முகராசா மறுப்புத் தெரிவிக்கவில்லை. அவருக்கு நேரமும் இல்லை. சனிக்கிழமைக் காலைப் பாடங்களை ஞாயிறுக்கு மாற்றிவிட்டு, சமூக நிலையத்தில் கடைசி வரிசையில், தாரகாவைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து திப்பி போடுகிறார். பிள்ளைகள் அவருடைய கொப்பியை எட்டிப் பார்த்துத் திருத்துகிறார்கள். அவர் அவர்களோடு வாதாடுகிறார். பெரும்பாலும் தோற்கிறார்.