நெருப்பை இழு, நெருப்பை வாரு

குமுளிக்கு மேற்கே ஒரு தேயிலைக் கம்பெனியில் நான் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். கம்பெனிக்கு மூன்று ஃபேக்டரிகள், மூன்றிலும் விறகு போட்டு எரிக்கும் பாய்லர். பாய்லரை நடத்தும் முறைகளைத் தமிழில் அச்சடித்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். மொழிபெயர்க்க மூன்று பேர்: கல்பாத்தியில் ஒரு வக்கீல் குமாஸ்தா, கொல்லங்கோட்டில் ஒரு வாத்தியார், நான்.

தபாலில் வந்ததைப் படித்துப் பார்த்தால் தலை சுற்றியது. பாய்லர் என்பது குமாஸ்தாவுக்கு நீராவிக் கொப்பரை, வாத்தியாருக்கு ஆவி அண்டா. படிக்கிறவன் இரண்டு இயந்திரங்களைத் தேடுவான். அதனால் ஒரு சொற்பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல். மூன்று பேரும் அதைத்தான் எழுத வேண்டும்.

நான் நோட்டில் மூன்று பத்தியாகக் கோடு போட்டேன். முதலில் இங்கிலீஷ், அடுத்து எடுத்துக்கொண்ட சொல், கடைசியில் எழுதக் கூடாத சொற்கள். அந்தக் கடைசிப் பத்தி என் யோசனை. ஒரு சொல்லை ஏன் தள்ளினோம் என்று எழுதி வைக்காவிட்டால் அது மறுபடியும் கதவைத் தட்டும். பாய்லர்க்காரர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லுக்கே முதல் இடம். பாய்லர் பாய்லராகவே நின்றது, வால்வும் அப்படியே. உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் கண்ணாடிக் குழாய்க்குத் ‘தண்ணீர்க் கண்ணாடி’ என்று போட்டேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதை மறைப்பானேன்? அந்தப் பட்டியலைப் பார்க்கப் பார்க்க எனக்கே என் மேல் மதிப்பு கூடியது.

‘ட்ரா த ஃபயர்’ என்ற இடத்தில்தான் சண்டை. குமாஸ்தா ‘அக்கினியை அகற்றுக’ என்றார், வாத்தியார் ‘நெருப்பை எடு’ என்றார். இரண்டையும் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிட்டு ‘நெருப்பை இழு’ என்று எழுதினேன். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறதே என்று எனக்குப் பெருமை. கம்பம்மெட்டுப் பக்கம் இருந்த எங்கள் மூன்றாவது ஃபேக்டரிக்கு ஒரு கைப்பிரதியும் அனுப்பிவிட்டேன்.

அச்சுக்குப் போகும் முன் எங்கள் ஃபேக்டரி பாய்லர்க்காரரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், என் வயதுதான். “நான் வாசிக்கிறபடி செய்து காட்டுங்க” என்றேன். வரிசையாகச் செய்துகொண்டே வந்தார். “கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் உடனே நெருப்பை இழுக்கவும்” என்று வாசித்தேன். அவர் கை நேராக டாம்பர் சங்கிலிக்குப் போய், புகைபோக்கித் தகட்டை முழுசாகத் திறந்தது. அடுப்பு ஹோவென்று இரைந்தது.

“என்ன செய்தீங்க?”

“நெருப்பை இழுக்கச் சொன்னீயள்லா? இழுப்பைக் கூட்டிட்டேன்.” தகட்டை மறுபடி இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “ஆனா தண்ணி இல்லாத நேரத்துல இதைச் செஞ்சா தகரம் பழுத்து, பாய்லர் வெடிச்சிரும்யா. எழுதினவருக்குப் பாய்லர் தெரியாதோ?”

எழுதினவர் எதிரிலேயே நின்றார். எனக்குக் காது சுட்டது. “அடுப்பிலே இருக்கிற நெருப்பையெல்லாம் வெளியே கொண்டுவரணும். அதுக்கு என்ன சொல்லுவீங்க?” என்றேன்.

“வாருததுன்னு சொல்லுவோம். டாம்பரைச் சாத்திட்டு, நெருப்பை வாரி வெளியே போட்டிருவோம்.”

என் சொல்லை நானே அடித்துக் கடைசிப் பத்தியில் எழுதினேன்: ‘இழு கூடாது, காற்றிழுப்பு என்று பொருள்படும்.’ மறுநாள் காலை கம்பம்மெட்டுக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த என் கைப்பிரதியை என் கையாலேயே கிழித்தேன். மற்ற இருவருக்கும் கடிதம் போட்டேன். குமாஸ்தாவின் பதில் ஒரே வரி: “உம்ம சொல்லையும் தள்ளினீரே ஓய், இனிமே இந்தப் பட்டியலை நம்பலாம்.”

சில மாதம் கழித்து கம்பம்மெட்டு ஃபேக்டரியில் தண்ணீர் பம்பு நின்றுபோனது என்று தகவல் வந்தது. பதறிப் போய்ப் பார்த்தேன். பாய்லர் வெடிக்காமல் முழுசாக இருந்தது. அதன் முன்னால் தரையில் அவிந்த கரியும் சாம்பலும் முழங்கால் உயரம். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பாய்லர்க்காரர் கொல்லங்கோட்டுக்காரர், என்னை முன்பின் பார்த்தறியாதவர்.

“கண்ணாடியில தண்ணி காணமுங்க” என்றார். “பம்பைத் திருப்பி ஓட்டி, சுட்ட பாய்லர்ல பச்சைத் தண்ணி உடலாமான்னு ஒரு நிமிசம் யோசிச்சேனுங்க. செவுத்துல, தண்ணி உடாதே, டாம்பரைச் சாத்து, நெருப்பை வாருன்னு போட்டிருந்துச்சு. வாரிப்போட்டேனுங்க.”

அச்சான தாளில் எங்கள் மூவர் பெயரும் கிடையாது. நான் குனிந்து அந்தக் குவியலிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தேன். இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது.