என் லைனில் எழுதாமல் விட்ட இரண்டு மணி நேரம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். தைக்கிறவர்கள் எல்லாரும் பெண்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி; டார்கெட்டை எட்டினால் அதற்கு மேல் இன்சென்டிவ். கரண்ட் போனாலோ மெஷின் படுத்தாலோ, நின்ற நேரத்தையும் காரணத்தையும் ஐடில் டைம் ஷீட்டில் எழுத வேண்டியது என் வேலை. எழுதினால் அந்த நேரத்துக்கு நாள் சம்பளக் கணக்கில் கூலி உண்டு. டார்கெட்டிலும் அந்த நேரம் கழியும். எழுதாவிட்டால் அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்ததாகத்தான் கணக்கு.

அன்று காலை கரண்ட் போனது. ஜெனரேட்டரும் ரிப்பேர். ஒரு மணி நேரம் கழித்து எல்லா மெஷினும் ஓடின, ஓரத்தில் இருந்த ஒன்றைத் தவிர. கரண்ட் வந்த வேகத்தில் அதன் போர்டு எரிந்துவிட்டது. மெக்கானிக் வந்து மாற்ற மேலும் இரண்டு மணி நேரம் ஆனது. அந்த மெஷின்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கரண்ட் கட்டை லைனுக்கு மொத்தமாக எழுதினேன். அவள் மெஷின் பிரேக்டவுனைத் தனியாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அந்த மாதம் ஏற்கெனவே மூன்று பிரேக்டவுன் போட்டிருந்தேன். "உன் லைன்ல மட்டும் ஏன்யா மெஷின் படுக்குது?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார். மறுபடி வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்குத் தைரியமில்லை.

"அண்ணே, என் மெஷின் டைமும் எழுதிட்டீங்கல்ல?" என்று சாயங்காலம் கேட்டாள்.

"எழுதிட்டேம்மா."

சம்பளத்தன்று அவளுக்கு இன்சென்டிவ் இல்லை. என்னிடம் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறக்காமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, சாப்பிடலயா?"

"கை ஸ்லோ ஆய்ட்ச்சுண்ணே. டார்கெட் வரல. கொஞ்ச நாள் இப்டி தச்சு புடிச்சிட்றேன்."

மூன்று நாள் பார்த்துக்கொண்டு சும்மாவே இருந்தேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. நாலாம் நாள் மெக்கானிக்கின் ரிஜிஸ்டரைப் புரட்டி, அவர் குறித்திருந்த நேரத்தைப் பார்த்து எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, கூலிக் கணக்குப் போடும் டைம் ஆபீஸில் கொடுத்தேன். "விட்டுப்போச்சு" என்றேன். மேனேஜரிடம் திட்டும் வாங்கினேன். நான் பயந்த அளவுக்கு இல்லை, இரண்டே நிமிஷம்தான்.

அடுத்த சம்பளத்தில் அரியராகப் பணம் வந்தது, இன்சென்டிவும் சேர்த்து. அவள் ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்க போய்ப் பேசினதாலதாண்ணே வந்துச்சு," என்றாள். பிறகு லைன் பக்கம் திரும்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஆபீஸ்காரங்க விட்டுட்டாங்க. நம்ம அண்ணன்தான் சண்ட போட்டு வாங்கிக் குடுத்தாரு."

நான் தலையாட்டினேன்.