எடுத்துவிட்ட விரல்

ராஜபாளையத்தில் எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பது என் கணவர், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் சரிசெய்வது நான். முகப்பருவை அழிப்பேன், கலைந்த தலைமுடியை ஒதுக்குவேன், ஓரத்தில் தெரியும் பை வாரையும் அடுத்தவர் முழங்கையையும் இருந்த இடம் தெரியாமல் ஆக்குவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். வாயும் நீளம். ஓரத்தில் ஒரு தூசு இருந்தாலும் எனக்குக் கை அரிக்கும்.

சோழபுரத்திலிருந்து அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தது அப்படி ஒரு வேலைக்குத்தான். அவன் மில்லில் எலக்ட்ரீஷியன். வெளிநாட்டில் வேலை கிடைத்து, முதலில் அவன் போய்விட்டுப் பிறகு இவர்களைக் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. நாலு மாதப் பெண் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் படம் வேண்டும். அதுதான் அந்தப் பிள்ளையின் முதல் படம் என்றாள் அவள். கண் பட்டுவிடும் என்று அதுவரை வீட்டில் போனைக்கூடப் பிள்ளை பக்கம் காட்டவிடவில்லையாம்.

பச்சைப்பிள்ளையைத் தனியாக உட்காரவைக்க முடியாது. அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. தாயை ஸ்டூலில் உட்காரவைத்து, தலையோடு வெள்ளைத் துணியால் மூடிவிடுவோம். துணிக்குள்ளிருந்தே அவள் பிள்ளையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்வாள். படத்தில் பிள்ளையும் வெள்ளைப் பின்னணியும் மட்டும் தெரியும். அன்றும் அப்படித்தான் மூடினோம். உள்ளேயிருந்து அவள் சிரித்துக்கொண்டே கிடந்தாள்.

"அக்கா, மூச்சு முட்டுது. புள்ள முழிக்குதா, தூங்குதா?"

"முழிக்குது, முழிக்குது. நீ செத்த நேரம் ஆடாம இருத்தா" என்றேன்.

என் கணவர் கிலுகிலுப்பையை ஆட்டினார். பிள்ளை துள்ளியது. வழுக்கிவிடுமோ என்று பயந்து அவள் துணிக்கு வெளியே கையை நீட்டிப் பிள்ளையின் தோளைப் பிடித்துவிட்டாள். அந்த நொடியில்தான் பிள்ளை காமிராவை நேராகப் பார்த்து, வாயை மூடி, கண்ணை விரித்தது. அதற்குப் பிறகு ஒரே அழுகை. பாலைக் கொடுத்தும் பார்த்தாயிற்று, அடங்கவில்லை. தேறியது அந்த ஒரு படம்தான். அதில் கவுனின் இடது தோளில், மருதாணி போட்ட ஆள்காட்டி விரல் ஒன்று, அசைந்ததால் கொஞ்சம் கலங்கலாக, பதிந்திருந்தது.

அவள் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"அக்கா, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. எம்புள்ளைக்குக் காவலுக்கு நிக்குது."

"நல்லா நிக்கும். கை தெரிஞ்சா பாஸ்போர்ட் ஆபீஸ்ல படத்தைத் திருப்பிக் குடுத்துருவாங்க."

"ஆத்தாடி, என் விரலுக்கும் தனியா பாஸ்போர்ட் எடுக்கணுமாக்கும்!" என்று அவள் புருஷன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். எல்லோரும் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டேதான் அழித்தேன். படத்தை நன்றாகப் பெரிதாக்கி, பக்கத்திலிருந்த கவுன் துணியை அப்படியே பிரதி எடுத்து, சின்ன பிரஷ்ஷால் விரல்மேல் ஒற்றி ஒற்றி மூடினேன். பின்னணிக்கு நீட்டிக்கொண்டிருந்த பாகத்தை வெள்ளையால் மறைத்து, தோளின் ஓரக்கோட்டை மறுபடி இழுத்துவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு என் பழக்கப்படி அதே கோப்பின் மேலேயே சேவ் செய்தேன். வேறு பெயரில் சேவ் செய்து அசலைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் கணவர் நூறு தடவை சொல்லியிருப்பார். பாஸ்போர்ட் படத்துக்கு எதுக்கு அம்புட்டு மெனக்கேடு என்பேன் நான். மறுநாள் கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்யாணம். காமிராவின் கார்டையும் துடைத்துக் காலியாக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து அவன் மட்டும் வந்தான். தாடி விட்டிருந்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தோமேக்கா, துணியப் போத்தி" என்றான்.

"அட, நீயா? எங்க அவ? எப்பப் போறீக எல்லாரும்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அவ இல்லக்கா. காய்ச்சல்னு படுத்தா. மூணே நாள்."

உட்காரச் சொல்லத் தோன்றவில்லை எனக்கு. அவனே உட்கார்ந்தான். சேதி கேட்டுக் கிளம்பி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அவள் போன் ஆஸ்பத்திரியில் காணாமல் போயிருக்கிறது. அவனுக்கு அவள் அனுப்பிய படங்களில் எல்லாம் பிள்ளை மட்டும்தான். எடுத்தவள் அவள், அவள் எதிலும் இல்லை. தினமும் வீடியோவில் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தவன் ஒன்றைக்கூடச் சேமித்து வைக்கவில்லை.

"கல்யாண போட்டோல அவ இருக்கா. போன்ல புள்ள இருக்கு. ரெண்டு பேரும் சேந்து ஒண்ணுமே இல்லக்கா. இங்க எடுத்ததுல மட்டுந்தான் அவ விரல் இருந்துச்சு. நீங்க எடுத்துவிட்டீக. விரல எடுக்காத படம் இருக்கும்ல?"

 இருக்கும், தேடுவோம் என்று பொய் சொல்லித் தேட ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர், பழைய ஹார்டு டிஸ்க், எல்லாம் தேடினேன். அழிந்த படத்தை மீட்கிற சாப்ட்வேரைக் கார்டில் ஓடவிட்டேன். யார் யாரோ கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் அரைகுறைப் படங்கள் வந்தன. அந்தக் கார்டில் அதற்குப் பிறகு எத்தனை விசேஷம் எடுத்தாயிற்று! அவன் ஒவ்வொரு படம் வரும்போதும் எட்டிப் பார்த்தான். பார்க்காதே என்று அவனை அதட்ட வேண்டும்போல் இருந்தது. அதட்ட வேண்டியது என்னைத்தான்.

"இல்லப்பா. நாந்தான் அது மேலேயே சேவ் பண்ணிட்டேன். நான் பாவி" என்றேன். அவன் அந்தப் பந்திப் படங்களையே மறுபடி பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் தேவலை.

கல்யாணப் படத்திலிருந்து அவளை எடுத்துப் பிள்ளையோடு சேர்த்து, தூக்கி வைத்திருக்கிற மாதிரியே செய்து தருகிறேன் என்றேன். காசு வேண்டாம் என்றேன். விரல்கூடப் புதிதாக வைத்துத் தரலாம், இப்போது கம்ப்யூட்டரில் அதெல்லாம் வருகிறது என்று உளறிக்கொண்டே போனேன்.

"வேணாங்க்கா. அது அவ தொட்டதா ஆகாதுல்ல."

வேறு வழி தெரியாமல், விரல் அழித்த அந்தப் படத்தையே திறந்தேன். பிள்ளை கண்ணை விரித்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. பார்க்கமுடியாமல் படத்தை நகர்த்தினேன், தோள் பெரிதாகத் திரையில் வந்து நின்றது. எங்கே அவள் விரல் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருக்கிறேன், என் கையில் தீயை வைக்க.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்தான்.

"அக்கா, இங்க என்ன துணி சுருங்கியிருக்கு?"

விரலைத்தான் நான் அழித்திருந்தேன். விரல் அழுத்தியதில் கவுன் சுருண்டு, லேஸ் ஒரு பக்கமாக இழுபட்டு, நாலைந்து மடிப்பு அந்த இடத்தை நோக்கி ஓடியிருந்தது. பாஸ்போர்ட் அளவில் இது எவன் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று சோம்பல்பட்டு அப்படியே விட்டிருக்கிறேன். என் வாழ்நாளில் நான் சோம்பல்பட்டதற்குச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"அவ பிடிச்ச பிடிதான் அது. புள்ள விழுந்துரும்னு இறுக்கிப் பிடிச்சாள்ல" என்றேன்.

அவன் ஆள்காட்டி விரலைத் திரைமேல், அந்த மடிப்புகள் போய்ச் சேரும் இடத்தில் வைத்தான். வைத்தபடியே அழுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளேயிருந்து வந்த என் கணவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத எம்புட்டுப் பெருசா போட முடியுமோ அம்புட்டுப் பெருசா போட்டுக் குடுங்கக்கா" என்றான்.

பிரிண்டுக்கு அளவு வைக்க உட்கார்ந்தேன். என் கை, பழக்க தோஷத்தில், தானாகவே பிரஷ்ஷை எடுத்துவிட்டது போலிருக்கிறது. திரையில் பிரஷ்ஷின் அந்தச் சின்ன வட்டம் தோள் மடிப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவன் பதறி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"அதையும் எடுத்துராதீகக்கா."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.