கிணற்றின் நம்பர்

கோவிந்தம்மாளின் போனில் 'கெணறு' என்று ஒரு பெயர் பதிவாகியிருக்கிறது. மகள் சுபாஷ்ரீ போட்டுக் கொடுத்தது. மாதம் ஒருமுறை, கிருத்திகை அன்று காலையில், அந்தக் கிணறு கோவிந்தம்மாளைக் கூப்பிடும். உத்திரமேரூர் வட்டாரத்தில் வேறெந்தப் பெண்ணையும் எந்தக் கிணறும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

கூப்பிடுவது அவள் புருஷன் பச்சமுத்துதான். ஏரிக்குக் கீழே ஒன்றே முக்கால் ஏக்கர் நெல் வைத்திருப்பவர். ஐம்பத்தெட்டு வயது. வீட்டில் அவர் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். "சோறு", "மாடு கத்துது", "வரேன்". முப்பத்தொரு வருஷமாகக் கோவிந்தம்மாள் இந்த மூன்றையும் வைத்தே குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

கிணறு வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். கரண்டு வரும்போதெல்லாம் ஓடிப்போய் மோட்டார் போட முடியாமல், ஐந்து வருஷத்துக்கு முன்னால் மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டினார். இரும்புப் பெட்டி. அதற்குள் ஒரு சிம். வீட்டிலிருந்து அந்த நம்பருக்கு ஒரு ரிங் விட்டால் மோட்டார் ஓடும், இன்னொரு ரிங் விட்டால் நிற்கும். பெட்டி போனை எடுக்காது. மணி அடித்ததும் தானே கட் பண்ணிவிட்டு வேலையைப் பார்க்கும்.

"உன்ன மாதிரியே கீது" என்றாள் கோவிந்தம்மாள், முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்தபோது. "கூப்ட்டா பதில் சொல்லாது. ஆனா செஞ்சுடும்."

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் வருஷம் நல்ல மழை. ஏரி நிரம்பி, கால்வாய்த் தண்ணீரே வயலுக்குப் போதுமாக இருந்தது. ஐப்பசியிலிருந்து மோட்டார் பக்கமே அவர் போகவில்லை. மாசியில் கதிர் பால் பிடிக்கிற நேரம் ஏரி கீழே இறங்கியது. ரிங் விட்டார். 'நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை' என்றாள் ஒரு பெண்.

புது சிம் வாங்கி, காஞ்சிபுரத்திலிருந்து ஸ்டார்ட்டர்காரன் வந்து, அதில் நம்பர்களை ஏற்றிக் கொடுக்க ஆறு நாள் ஆனது. அதற்குள் மேட்டுக் கழனியில் பாதி பதராகிப் போயிற்று.

அதோடு முடியவில்லை. புது நம்பர் கையில் படியவில்லை. சித்திரை, வைகாசி என்று மாதங்கள் போன பிறகும் ஒருநாள் பழக்கதோஷத்தில் பழைய நம்பரையே அழுத்தினார். இம்முறை மணி அடித்தது. ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினார். மோட்டார் ஓடவில்லையே என்று மறுபடி ஒன்று. சாயங்காலம் இன்னும் இரண்டு. மறுநாள் ஒரு ஆண் குரல் கூப்பிட்டது.

"யார்ரா நீ? என் பொண்டாட்டி நம்பருக்கு காலையில ரெண்டு மிஸ்டு கால், சாயங்காலம் ரெண்டு மிஸ்டு காலு?"

"ஐயோ நைனா, நான் மோட்டாருக்குப் போட்டேன்" என்றார் பச்சமுத்து.

"யார மோட்டாருன்ற?"

கோவிந்தம்மாள் போனைப் பிடுங்கிப் பேசித்தான் அந்த மனிதனைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு வாரத்துக்கு அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற ஜெயப்பிரியாதான் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். பக்கத்துத் தெருவில் பிறந்த பெண். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, ஒரு நம்பர தொண்ணூறு நாள் யூஸ் பண்ணலன்னா கட் பண்ணிடுவாங்க. கொஞ்ச நாள் கெடு குடுப்பாங்க. அதுக்கும் யாரும் வர்லன்னா, அப்புறமா வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க."

"யூஸ் பண்ணிக்கினுதானம்மா இருந்தேன். தெனம் ரிங் விடுவனே."

"மழைக்காலத்துல எங்க விட்ட? அதுவுமில்லாம பெட்டிதான் எடுக்கறதே இல்லியே. மிஸ்டு கால்லாம் கணக்குல வராது மாமா. யாராவது எடுத்துப் பேசணும்."

"ஒரு வார்த்த சொல்லிட்டுக் கட் பண்ணக் கூடாதா அவங்க?"

"மெசேஜ் அனுப்பியிருப்பாங்க. பெட்டிக்கு."

அவள் சொன்னது சரிதான். பிறகு, கழற்றிப் போட்டிருந்த பழைய சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டுப் பார்த்தபோது, படிக்க ஆளில்லாமல் வந்து சேர்ந்த மெசேஜ்கள் வரிசையாக நின்றன. கம்பெனிக்காரன் இரும்புப் பெட்டியிடம் அன்பான வாடிக்கையாளரே என்று பேசியிருந்தான்.

ஜெயப்பிரியா இரண்டு வழி சொன்னாள். வருஷ பேக் போடுவதோடு மெயின் பேலன்ஸில் இருபது ரூபாய்க்குக் குறையாமல் வைத்திருப்பது ஒன்று. யூஸ் பண்ணாவிட்டால் அந்த இருபதை எடுத்துக்கொண்டு இன்னும் முப்பது நாள் விடுவார்கள். இல்லையென்றால், அவ்வப்போது சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு யாரிடமாவது பேசுவது.

காசை வைத்துவிட்டுக் காத்திருப்பதில் பச்சமுத்துவுக்கு நம்பிக்கையில்லை. பேசுவது என்று முடிவு செய்தார். நாள் மறக்காமலிருக்கக் கிருத்திகை. யாரிடம் பேசுவது என்பதில்தான் சிக்கல். அவருக்குப் பேச ஆள் கிடையாது. கடைசியில் கோவிந்தம்மாளையே கூப்பிட்டார்.

"ஹலோ."

"இன்னா?"

"சிம்முக்கு."

"சரி."

முதல் மாதம் அவ்வளவுதான். இரண்டாம் மாதம், வரப்பில் நண்டு வளை வைத்திருப்பதைச் சொன்னார். மூன்றாம் மாதம் பூவரசில் தேன்கூடு. எதிரில் முகம் இல்லாததாலோ என்னவோ, கிணற்று மேட்டில் நின்றால் அவருக்குப் பேச்சு வந்தது. நாற்று பச்சை கட்டியதை, அண்டை வயல் பாண்டுரங்கன் வாய்க்கால் உடைத்ததை, முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்ததை. வீட்டுக்கு வந்ததும் மறுபடி தீப்பெட்டிதான். கோவிந்தம்மாளும் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் கிருத்திகைக் காலையில் போனை இடுப்பிலேயே செருகி வைத்திருப்பாள்.

இந்த வருஷம் அது அறுந்தது. ஆவணிக் கிருத்திகைக்குப் பேசியதுதான் கடைசி. புரட்டாசியில் நாற்று விடுகிற அவசரத்தில் விட்டுப்போனது. ஐப்பசியில் சுபாஷ்ரீக்கு ஸ்ரீபெரும்புதூரில் வளைகாப்பு. அன்றைக்கென்று நடவுக்கு ஆள் கிடைத்தது. பச்சமுத்து போகவில்லை.

"உனுக்கு நெலந்தான் பொண்டாட்டி, நெலந்தான் புள்ள" என்று போனில் சொன்னாள் கோவிந்தம்மாள். "அதுங்கூடவே இரு." மகளை டாக்டர் படுக்கையிலேயே இருக்கச் சொல்லியிருந்ததால் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் போன் செய்தால் எடுப்பதில்லை. மருமகன் நந்தகுமார் எடுத்து, "அத்தை குளிக்கிறாங்க மாமா" என்பான். ஒரு மனுஷி நாளைக்கு நாலு தடவை குளிப்பாளா என்று பச்சமுத்து கேட்கவில்லை.

கார்த்திகை தீபத்தன்று புயல் மழை. வயல் பாதையில் முழங்கால் தண்ணீர். அது வடிய ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாள்காட்டியைக் கிழிக்கிறபோதுதான் சட்டென்று உறைத்தது. விரல் விட்டு எண்ணினார். கடைசியாகப் பேசி எண்பத்தொன்பது நாள்.

டிபன்கூடச் சாப்பிடவில்லை. தன் போனை வீட்டிலேயே மறந்துவிட்டு, பட்டன் போனை மட்டும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்கினார். தையில் ஏரி இறங்கிவிடும். அப்போது நம்பர் செத்துக் கிடந்தால் மறுபடி ஆறு நாள், மறுபடி பதர். அது ஒரு பயம். இன்னொரு பயமும் இருந்தது. அதற்கு அவரிடம் வார்த்தை இல்லை.

மெயினை அணைத்து, பெட்டியைத் திறந்து, சிம்மை மாற்றினார். டவர் வந்தது. உயிர் இருக்கிறது.

கோவிந்தம்மாளைக் கூப்பிட வீம்பு விடவில்லை. முதலில் ஜெயப்பிரியாவுக்குப் போட்டார். ஞாயிறு, எடுக்கவில்லை. மைத்துனன் ஜெகதீசனுக்குப் போட்டார். இரண்டு ரிங்கில் கட். உரக்கடைக்குப் போட்டார். கட். இந்தக் காலத்தில் தெரியாத நம்பர் என்றால் கடன் கொடுக்கிறவன் என்று எவனும் எடுப்பதில்லை. பாண்டுரங்கனுக்குக்கூடப் போட்டார். அவன் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று போனைப் பார்த்துவிட்டு, மறுபடி மடியில் செருகிக்கொள்வது இங்கிருந்தே தெரிந்தது. கூப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் வாய்க்கால் சண்டை தீரவில்லை.

இந்த நம்பருக்கு உலகத்தில் ஒரே ஒரு போனில்தான் பெயர் இருந்தது.

போட்டார். முதல் ரிங் முடியவில்லை.

"யோவ்! கெணத்துல இன்னாயா? வழுக்கி கிழுக்கி வுழுந்துட்டியா? மழ பேஞ்சு மேடெல்லாம் பாசியா கெடக்குமே, எவன் உன்ன அங்க போவச் சொன்னது?"

"ஒண்ணுமில்ல. சிம்முக்கு."

அவள் வைத்துவிடுவாளோ என்று அவசரமாகப் பேசினார்.

"நடவு நல்லா புடிச்சிக்கினு கீது. மழத் தண்ணியில ஒரு நாத்துகூட அழுவிப் போவல. மாடு உன் பொடவய மோந்து பாத்துக்கினு நிக்குது. வளைகாப்புக்கு... நான் வந்திருக்கணும். தப்புதான். பொண்ணு எப்டி கீறா?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" குரல் இளகிவிட்டிருந்தது. "நல்லா கீறா. அப்பா வர்லியான்னு தெனம் கேக்கறா."

"நாளைக்கு வரேன்."

"நடவு?"

"அது எங்க போவப் போவுது. நட்டாச்சு."

அவள் சிரித்தாள். பதினொரு நிமிஷம் பேசினார்கள் என்று பட்டன் போன் காட்டியது.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு முன்னால் ஜெயப்பிரியா கடையில் நின்றார். நம்பர் பிழைத்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று. அவள் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அது எங்க மாமா சாவப் போவுது? அத்தை போன மாசமே போன் பண்ணி அதுல அம்பது ரூபா டாப்-அப் போடச் சொன்னாங்க. 'அந்த ஆளு மறந்துடும், இருபது ரூபா எப்பவும் இருக்கற மாதிரி பாத்துக்கோ'ன்னாங்க. நேத்து நீ பேசலன்னாலும் இன்னும் முப்பது நாள் ஓடியிருக்கும். இனிமே அவ்ளோ தூரம் போயி சிம்மக் கழட்டற பேஜாரே வேணாம் உனுக்கு."

பச்சமுத்து கடைப் பலகையில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இத நீ எங்கிட்ட சொன்னன்னு அவகிட்ட சொல்லிடாத."

"ஏன் மாமா?"

"சொல்லாத. அவ்ளோதான்."

மார்கழிக் கிருத்திகை பனியோடு விடிந்தது. கோவிந்தம்மாள் இன்னும் மகள் வீட்டில்தான் இருந்தாள். பச்சமுத்து பட்டன் போனை எடுத்துக்கொண்டு வயல் பாதையில் இறங்கினார். கதிர் வெளியே வரத் தொடங்கியிருந்தது. ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியைத் திறந்து சிம்மைக் கழற்றினார்.

"இன்னா?" என்றாள் அவள், ஒரே ரிங்கில்.

"சிம்முக்கு" என்றார்.

"அதான் பாத்தேன். தொண்ணூறு நாள் ஆவப்போவுதா?"

"இல்ல. பத்தொம்போதுதான்."

"சரி, பேசு" என்றாள்.