வாடகை தொடங்கும் நாள்

ஒருவர் ஓர் இடத்துக்குள் எந்த நாளில் நுழைகிறார்? சாவி கைக்கு வந்த நாளிலா, சுவரில் முதல் ஆணி இறங்கிய நாளிலா, முதல் வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்த நாளிலா? வேலையற்ற மாலையில் நான்கு பேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி இது. மலேசியாவின் ஈப்போ நகரில் இனிப்புக் கஞ்சி விற்ற லியோங் சுவீ பெங்குக்கு அது அப்படி வரவில்லை. பன்னிரண்டு மாத வாடகையாக வந்தது.

பதினைந்து வருடம் அவள் சந்தையோரத்தில் தள்ளுவண்டி வைத்திருந்தாள். சிவப்புப் பயறு, கறுப்பு எள், வேர்க்கடலை என்று மூன்றே பானைகள். மழை வந்தால் குடை, வெயில் வந்தால் அதே குடை. அவளுடைய எள் கஞ்சியை ஊரில் சிலர் பெரிதாகப் பேசுவார்கள். உண்மையில் அது சுமாரைவிடச் சற்று மேல். ஆனால் என்றைக்கும் அதே ருசியில் இருந்தது. அது எல்லோருக்கும் வருவதில்லை. அவள் கணவன் கோக் வா லாரி ஓட்டி ஓய்வு பெற்றபோது சேமநிதிப் பணம் வந்தது. அதே மாதம், புது மாலின் தரைத்தளத்தில் ஒரு கடை காலியாக இருப்பதாகச் செய்தியும் வந்தது. கீழ்த்தளத்தில் பெரிய சூப்பர்மார்க்கெட். அங்கிருந்து மேலே ஏறி வரும் மின்படிக்கட்டுக்கு நேர் எதிரே கடை. முந்நூறு சதுர அடி.

மாலின் வாடகைப் பிரிவில் நஸிருல் என்ற பையன் இருந்தான். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் எப்போதும் "ஆன்ட்டி". முப்பத்தோரு பக்க ஒப்பந்தத்தை அவன்தான் புரட்டிப் புரட்டிச் சொன்னான்.

"மூணு வருஷம் ஆன்ட்டி. மாசம் நாலாயிரம் ரிங்கிட். வருஷா வருஷம் நூத்துக்குப் பத்து ஏறும். மூணு மாச வாடகை டெபாசிட். நடுவுல போகணும்னா ஒரே ஒரு வாசல்தான், ரெண்டு வருஷம் முடியற நாள். அதுக்கு மூணு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்துடணும். விட்டுட்டா மூணாவது வருஷமும் இருந்தே ஆகணும்."

"இருக்காம எங்க போகப் போறேன்?" என்றாள் பெங்.

"அதானே!" என்று சிரித்தான் நஸிருல்.

சாவி ஜூலை பதினைந்தாம் தேதி தருவதாகவும், கடையை அமைத்துக்கொள்ள ஒரு மாதம் வாடகை இல்லை என்றும், ஆகஸ்ட் நடுவில் திறக்கலாம் என்றும் முதலில் பேச்சு. பெங் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பி வந்தாள். அந்த வருடம் சீனச் சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் சரியாக ஆகஸ்ட் நடுவில் பிறந்தது. பேய்கள் பசியோடு தெருவில் அலையும் மாதம். அந்த மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள், கல்யாணம் செய்ய மாட்டார்கள். கடை திறப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"தம்பி, ஏழாம் மாசம் முடிஞ்சப்புறம் திறக்கறேனே."

"தாராளமா ஆன்ட்டி. வாடகை தொடங்கற நாள செப்டம்பர் பதினாறுன்னு மாத்திடறேன். இன்னொரு மாசம் இலவசம். சந்தோஷம்தானே?"

அவளுக்குச் சந்தோஷம்தான். பேய்களால் ஒரு மாத வாடகை மிச்சம் என்று கோக் வாவிடம் சொல்லிச் சிரித்தாள். ஒப்பந்தத்தில் மாற்றிய அந்த ஒரு வரிக்கு எதிரே அவளும் நஸிருலும் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு கடையை அமைத்தார்கள். வரைபடத்துக்கு மாலின் ஒப்புதல் வேண்டும், மின்வேலைக்கும் குழாய் வேலைக்கும் மால் சொல்லும் ஒப்பந்தக்காரர்தான் வேண்டும். சமைக்கும் கடை என்பதால் கொழுப்பு வடிகட்டும் தொட்டி, கீழ்த்தளத்துக்கு நீர் கசியாமல் தரைப்பூச்சு, புகைபோக்கி, எஃகு மேசை, வெள்ளை ஓடு. தொண்ணூற்றிரண்டாயிரம் ரிங்கிட் சுவரோடும் தரையோடும் ஒட்டிக்கொண்டது. போகும்போது அத்தனையையும் தன் செலவில் பெயர்த்து, கடையை வெறும் சிமெண்டாகத் திருப்பித் தரவேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. பளபளக்கும் ஓட்டைத் தடவிக்கொண்டிருப்பவளுக்கு அந்த வரி நினைவில் நிற்குமா?

ஒன்றேகால் வருடம் கடை தன்னைத் தானே சுமந்தது. அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. பிறகு சூப்பர்மார்க்கெட் மூடியது.

மின்படிக்கட்டு மட்டும் வெறுமையாக ஏறிக்கொண்டிருந்தது. மற்ற கடைகள் இருக்கும், கூட்டம் வரும் என்று மால் எந்த உறுதியும் தரவில்லை என்பதை நஸிருல் மரியாதையாகவே பக்கம் எடுத்துக் காட்டினான். பத்து மணிக்குத் திறந்து பத்து மணிவரை விளக்கோடு இருக்கவேண்டும், மூடினால் நாளுக்கு இவ்வளவு அபராதம் என்ற பக்கத்தையும் காட்டினான். பக்கத்தில் கைப்பேசி உறை விற்ற ரோஸ்மான் தன் நாற்காலியை அவள் கடை வாசலுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"ஆன்ட்டி, உங்க பேய்ங்களாவது வருஷத்துல ஒரு மாசம் வருது. நம்ம கஸ்டமர் அதுகூட இல்ல."

"வாய மூடு. ஒரு கிண்ணம் வாங்கித் தின்னு."

"கடனா?"

"அப்ப மூடிக்கிட்டே இரு."

ஏப்ரல் பத்தாம் தேதி பெங் கடிதம் கொடுத்தாள். மகளைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதியது, நேர்த்தியான கடிதம். இரண்டு வருடம் முடியும் ஜூலை பதினான்காம் தேதி கடையை ஒப்படைக்கிறேன் என்று இருந்தது. மூன்று மாத அவகாசம் சரியாக இருந்தது. பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். இன்னும் சில வாரம்தான் என்று பானைகளைத் தேய்த்துக் கவிழ்க்க ஆரம்பித்தாள்.

பதில் ஜூன் இருபதாம் தேதி வந்தது. இரண்டு வருடம் என்பது சாவி வாங்கிய நாளிலிருந்து அல்ல, வாடகை தொடங்கிய நாளிலிருந்து. ஆகவே வாசல் செப்டம்பர் பதினைந்தில் இருக்கிறது. தாங்கள் குறிப்பிட்ட தேதியில் வாசல் ஏதுமில்லை. அந்தக் கடிதம் செல்லாது. சரியான கடிதம் தருவதற்கான கடைசி நாள் ஜூன் பதினைந்து. அது கடந்துவிட்டது. மூன்றாம் வருட வாடகை நான்காயிரத்து எண்ணூற்று நாற்பது ரிங்கிட்.

கோக் வா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனான். மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கணக்கு அவங்க பக்கம்தாம்மா சரி. இந்த மாதிரிக் கடிதத்துல தேதி தப்பினா எல்லாமே தப்பு. உங்க தப்பைச் சொல்லித் திருத்தற கடமை அவங்களுக்கு இல்ல."

"ரெண்டு மாசம் பாத்துக்கிட்டே சும்மா இருந்தாங்களே?" என்றான் கோக் வா.

"சும்மா இருக்கறது குத்தமில்லையே. வழக்குப் போடலாம். அது முடியறதுக்குள்ள உங்க மூணாவது வருஷம் முடிஞ்சுடும்."

"நடுவுல போயிட்டா?"

"டெபாசிட் போகும். மிச்ச மாச வாடகையும் கேப்பாங்க. பெயர்த்து எடுக்கற செலவு தனி. வேற ஆளப் பிடிச்சுக் குடுத்தீங்கன்னா விட்டுடுவாங்க. அந்தாளு புதுசா மூணு வருஷம் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

இறங்கும்போது கோக் வாவால் சும்மா இருக்க முடியவில்லை. "உன்னயும் உன் ஏழாம் மாசத்தயும்..." என்று ஆரம்பித்தான். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

அடுத்த ஆறு வாரமும் அவள் ஆள் தேடினாள். சந்தையில் கேட்டாள், கோவிலில் கேட்டாள், தன்னைப் பார்த்தாலே விலகிப் போகும் மைத்துனியிடமும் போய்க் கேட்டாள். கடையில் நாளுக்கு ஒன்பது கிண்ணம், பதினோரு கிண்ணம் போனது. மகளுக்கென்று வைத்திருந்த சங்கிலி அடகுக்குப் போனது. அவளுக்குத் தூக்கம் கெட்டது. உப்புக்கும் சர்க்கரைக்கும் கை மாறி ஒருநாள் ஒரு பானை வேர்க்கடலையைக் கொட்டினாள். இருபது வருடத்துக்குப் பக்கமாக எள் கிண்டியவள், கடையின் பின்சுவரைப் பார்த்தபடி அடிப்பிடிக்க விட்டாள். ரோஸ்மான் கேலி செய்வதை நிறுத்திவிட்டான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் யோக் சிம் வந்தாள். பத்தொன்பது வருடம் மின்பொருள் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஆலை மூடி, இழப்பீட்டுப் பணத்தோடு நிற்பவள். பாவ் என்கிற, ஆவியில் வேகும் மாவு உருண்டை செய்யத் தெரியும். வெள்ளை ஓட்டைப் பார்த்து, எஃகு மேசையைப் பார்த்து, குழாயைத் திறந்து மூடினாள்.

"இவ்வளவு அழகா வச்சிருக்கீங்களே அக்கா. ஏன் விடறீங்க?"

"முட்டி வலி," என்றாள் பெங்.

"கீழ அந்த சூப்பர்மார்க்கெட்டு?"

"வேற ஒண்ணு வருதுன்னு சொல்றாங்க." சொல்லத்தான் செய்தார்கள். எட்டு மாதமாகச் சொல்கிறார்கள்.

அன்று வீட்டில் கோக் வா தானாகவே மீன் வாங்கி வந்து ஆவியில் வேகவைத்தான். பெங் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சினாள்.

கையெழுத்துக்கு வெள்ளிக்கிழமை காலை. வாடகைப் பிரிவின் சிறிய அறையில் மூன்று பேர். யோக் சிம் முன்னால் முப்பத்தோரு பக்கம். பெங் முன்னால் ஒரே தாள்: கடையையும் அதில் உள்ள எல்லாவற்றையும் விட்டுத்தருகிறேன், டெபாசிட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவள் கையெழுத்திட்டால்தான் மற்றது செல்லும். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டாள்.

நஸிருல் புரட்டிப் புரட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று வருடம், நூற்றுக்குப் பத்து, ஒரே வாசல். யோக் சிம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள்.

"தம்பி, இந்த மாசக் கடைசில ஏழாம் மாசம் பொறக்குது. அது முடிஞ்சப்புறம் திறந்தா ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே?"

"தாராளமா ஆன்ட்டி," என்றான் நஸிருல். "வாடகை தொடங்கற நாளத் தள்ளிப் போட்டுடறேன். இன்னொரு மாசம் இலவசம். சந்தோஷம்தானே?"

அவன் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. அதே சிரிப்பு, அதே அடையாள அட்டை.

பெங் பேனாவை மூடினாள். தன் முன்னாலிருந்த தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நான் குடுக்கல," என்றாள்.

"ஆன்ட்டி?"

"கடைய நான் குடுக்கல."

யோக் சிம்மின் முகம் சிவந்தது. "முட்டி வலின்னு சொன்னீங்க. நான் மாவு பிசையற இயந்திரத்துக்கு முன்பணம் கட்டிட்டேன். நல்ல இடத்த விட மனசு வரல, அதானே அக்கா?"

பெங் அவளைப் பார்த்தாள். "ஆமா," என்றாள்.

"வேற ஆள் கிடைக்க மாட்டாங்க ஆன்ட்டி," என்று நஸிருல் தாழ்ந்த குரலில் சொன்னான். "யோசிச்சுக்கோங்க."

அவள் அதற்குள் எழுந்துவிட்டாள்.

கோக் வா அன்று கேட்டான், மறுநாள் கேட்டான், கத்தினான், அழுதான். ஒரு வாரம் மகள் வீட்டில் போய் இருந்துவிட்டு வந்தும் கேட்டான். அவள் எள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாள் கைப்பையிலேயே கிடந்து மடிப்புகளில் கிழிந்தது. செப்டம்பர் பதினாறாம் தேதி மூன்றாம் வருடம் தொடங்கியது. ஏழாம் மாதம் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. காலை பத்து மணிக்கு அவள் குனிந்து இரும்புக் கதவைத் தூக்கி, விளக்கைப் போட்டு, மூன்று பானைகளையும் அடுப்பில் வைத்தாள்.