தட்டின் மேல் வைத்த கை

டச்சுக்காரர் கல்லறையைத் தாண்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் வழியில் என் மனைவி மகளின் கையையும் காலையும் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். மகளுக்கு இரண்டு மாதம். முந்தின மாதம் நான்கு கிலோ இருந்தவள், காலையில் அங்கே நர்ஸே தட்டில் வைத்து எடை பார்த்தபோது நூறு கிராம் குறைந்திருந்தாள். பால் பத்தவில்லை, டப்பா மாவு கொடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். தராசைச் சரிபார்த்துவிடலாம், மதியம் மறுபடியும் வாங்க என்று சொல்லியிருந்தார் நர்ஸ்.

நாங்கள் போனபோது அவர் தராசை மேசையிலிருந்து இறக்கிச் சமதரையில் வைத்திருந்தார். காலித் தட்டோடு முள் பூஜ்யத்தில் நின்றது. இரண்டு கிலோ எடைக்கல்லை நடுவில் வைத்தார், பிறகு ஓரங்களில் வைத்தார். எங்கு வைத்தாலும் இரண்டுதான். என் மனைவி முகம் சுண்டிப்போனது.

"அப்போ கொழந்த தான் எளச்சிருக்குதா, நர்சம்மா?"

"இரும்மா. ஒண்ணு சந்தேகம்னா எடை, உயரம் ரெண்டையும் பாத்துடணும்" என்று சொல்லி, சுவரில் இருந்த உயரம் பார்க்கும் பலகைக்குக் கீழே ஒரு மீட்டர் கோலை நிறுத்தினார். நூற்றியொன்று காட்டியது. கோலுக்கு அடியில் கால் மிதியடி கிடந்தது.

"ஆயா, இத யாரு போட்டது?" என்று அங்கே பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டார்.

"கால் சில்லுனு இருக்குதுனு நான் தான்."

"அப்போ ஊர்ல பாதி புள்ளைங்க உன்னால தான் வளந்துதுங்க."

மிதியடியை எடுத்ததும் நூறு சரியாக வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"போன மாசம் வெச்ச மாதிரியே வை" என்றார் நர்ஸ்.

தட்டில் வைத்ததும் மகள் உதைத்தாள், தட்டு ஆடியது. என் மனைவி சட்டென்று தட்டின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து நிறுத்தினாள். கரையில் இறால் கூடையைத் தொங்கவிட்டு நிறுக்கும்போது ஆட்டம் நிற்க எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வியாபாரி "கைய எடு" என்று கத்தும் வரை எடுக்கமாட்டார்கள். இங்கே கத்த வியாபாரி இல்லை. முள் நான்கரையைத் தாண்டியது.

"கைய எடும்மா" என்றார் நர்ஸ். எடுத்ததும் முள் இறங்கி, மூன்று கிலோ தொள்ளாயிரத்தில் நின்றது.

"இறாலாம்மா இது? நீ கைய வெக்கறத போன மாசம் யாரும் பாக்கல போல. அந்தக் கணக்கு செல்லாது. பொறந்தப்ப பொன்னேரி ஆஸ்பத்திரில ரெண்டு கிலோ எட்நூறு. அதோட பாத்தா ஏறித்தான் இருக்குது. எதுக்கும் அடுத்த வாரம் வா. அதுவரைக்கும் பால் மட்டும் தான்."

"டப்பா வேணாமா?"

"இன்னாத்துக்கு?"

அடுத்த வாரம் என் மனைவி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முள் நான்கைத் தாண்டி நின்றதைப் பார்த்துவிட்டு, அங்கேயே பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து மகளுக்குப் பால் கொடுத்தாள். ஊருக்குத் திரும்பும் படகு போய்விடும் என்று சொல்ல வாய் வரை வந்தது எனக்கு. சொல்லாமல் வெளியே போய் நின்றேன்.