போகும் முன் அனுப்பிய கேள்விகள்

தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்தபோது நாங்கள் கடலுக்கு இக்கரையில், நிபோங் திபாலில் இருந்தோம். வாடகை வீடு தேடி இரண்டு முறை பஸ்ஸும் ஃபெரியும் ஏறி வீணாகத் திரும்பினேன். முதல் வீட்டை முந்தின நாளே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்ததும், இந்தியர்களுக்கு விடுவதில்லை என்று கேட்டைத் திறக்காமலே சொன்னார்.

அன்று திரும்பும்போது ஃபெரியிலேயே உட்கார்ந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி எழுதினேன். வீடு இன்னும் காலியாக இருக்கிறதா? நாங்கள் இந்தியக் குடும்பம், பிள்ளையோடு மூன்று பேர், எங்களுக்கு விடுவீர்களா? எத்தனை மாத டெபாசிட்? என் கணவருக்கு முழங்கால் வலி. வீடு இருக்கும் மாடியிலேயே லிஃப்ட் நிற்குமா?

வீட்டில் கணவர் அதைப் படித்துவிட்டு, “இப்படி நேரா கேட்டா யாரும் பதில் போட மாட்டாங்க லா” என்றார்.

“போடாத வீட்டுக்கு நான் போக வேண்டியதில்லையே” என்றேன்.

வாடகை விளம்பரம் போட்டிருந்த ஏழு பேருக்கு அனுப்பினேன். நால்வர் பதிலே போடவில்லை. இருவர் முடியாது என்றார்கள். வலித்தது, ஆனால் வீட்டிலிருந்தபடியே தெரிந்துகொண்டேன். தீவிலேயே ஜெலுத்தோங்கில் ஃப்ளாட் வைத்திருந்த ஒரு சீன அம்மா மட்டும் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார். இந்தியர் என்றால் பரவாயில்லை, லிஃப்ட் வாசலருகே நிற்கும், டெபாசிட் இரண்டு மாதம். நான் கேட்காத ஒன்றையும் சேர்த்திருந்தார்: காலையில் தண்ணீர் மெதுவாகத்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை கணவரோடு போய்ப் பார்த்தேன். எல்லாம் அவர் எழுதியபடியே இருந்தது. அன்றே சரி என்றோம்.